ஆலை வாசலில் நிற்கும் வாசகர்

காலை ஆறரை மணிக்குத் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால், ஒரு தொழிற்பேட்டைக்கு எத்தனை விதமான வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது புரியும். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், பாலிடெக்னிக் முடித்த தரப் பரிசோதகர், பத்தாம் வகுப்போடு நின்ற கான்ட்ராக்ட் தொழிலாளி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழைக் காதால் மட்டும் கற்றுக்கொண்ட இளைஞர்கள், கேன்டீனில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் ஒரே நிறுத்தத்தில் நிற்கிறார்கள். பஸ் போய்ச் சேரும் ஆலையின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அது இவர்கள் எல்லோருக்குமானது. ஆலைக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கும், அந்த வழியே பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கும் உரியது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் இ.டி.பி., எஸ்.டி.பி., கே.எல்.டி., பி.ஓ.டி., டி.எஸ்.டி.எஃப். போன்ற எழுத்துச் சுருக்கங்கள்.

இந்தப் பலகை ஆலை முதலாளியின் விருப்பத்தால் வந்ததல்ல. அபாயகரக் கழிவுகள் தொடர்பாக 1995இல் தொடங்கிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபர் 14ஆம் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அபாயகர ரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் தங்களிடம் உள்ள ரசாயனங்களின் தன்மையையும் அளவையும், வெளியேற்றும் கழிவுநீர், புகை, திடக்கழிவு ஆகியவற்றின் விவரங்களையும் பிரதான வாயிலுக்கு வெளியே காட்ட வேண்டும் என்றது. வாயிலுக்கு வெளியே என்பதுதான் இதில் முக்கியம். உள்ளே தொங்கினால் அதைப் படிப்பவர் யார் என்று ஆலைக்குத் தெரியும். வெளியே வைத்த நிமிடத்திலிருந்து, படிப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை எழுதுபவரால் சொல்ல முடியாது.

இந்த எண்ணத்துக்கு வேர் போபாலில் இருக்கிறது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டி அங்கே கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு ஆலை வட்டாரத்தில் எம்.ஐ.சி. என்று பெயர். சுவருக்கு மறுபக்கம் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அந்த மூன்று எழுத்தும் தெரியாது, முழுப்பெயரும் தெரியாது, முகத்தில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டால் தப்பிக்க வாய்ப்பு கூடும் என்பதும் தெரியாது. அதன்பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 41பி பிரிவு, அபாயகரத் தொழில் நடத்துபவர் அபாயங்களையும் அவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமல்லாமல் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றது. எவ்வளவு படித்தவர் என்று தெரியாத ஒரு வாசகர் அன்றுதான் இந்தியத் தொழிற்சட்டத்துக்குள் நுழைந்தார்.

போபாலிலிருந்து இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆலைச் சுவரில் எம்.ஐ.சி. என்பதை விரித்து ‘மெத்தில் ஐசோசயனேட்’ என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தக் குடிசைவாசிக்கு என்ன கிடைத்திருக்கும்? அவருக்கு வேண்டியிருந்தது முழுப்பெயருக்கு அடுத்த சொற்றொடர்: கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் நச்சு வாயு, தண்ணீரோடு வினைபுரிவது, ஈரத்துணியால் மூக்கை மூடு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போ. சுருக்கத்தை முதல் முறை வரும்போது விரித்து எழுது என்பது எழுத்துக்கலைக் கையேடுகள் எல்லாம் சொல்லும் விதி. சரியான விதிதான். ஆனால் வாசகர் யாரென்று தெரியாத இடத்தில் அந்த விதியில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதல் முறை என்பது எது? விரிப்பது என்றால் எதுவரை? எந்தச் சுருக்கத்தை விரிக்காமலே விடலாம்? இந்த மூன்றுக்கும் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகமும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையும் நல்ல சோதனைக்களம்.

விரிக்கத் தேவையில்லை என்று வாதிடுபவர்களிடமிருந்து தொடங்கலாம். இது துறைக்காரர்கள் படிப்பது, அவர்களுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். துறைக்காரர்களுக்கே தெரிவதில்லை என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏட்ரியன் பார்னெட், ஜோயி டபுள்டே இருவரும் 1950 முதல் 2019 வரை வெளியான இரண்டு கோடியே நாற்பது லட்சம் அறிவியல் கட்டுரைகளின் தலைப்புகளையும், ஒரு கோடியே எண்பது லட்சம் சுருக்கவுரைகளையும் அலசி 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனித்தனி எழுத்துச் சுருக்கங்கள் இருந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, மொத்த இலக்கியத்திலும் பத்து முறைகூட வரவில்லை. ஆயிரத்தில் இரண்டுதான் அடிக்கடி புழங்குபவை. விஞ்ஞானிகள் விஞ்ஞானிகளுக்காக எழுதும் இடத்திலேயே இதுதான் நிலை.

வாசகர் யாரென்று திட்டமாகத் தெரிந்த இடமும் ஒன்று உண்டு, அதை மறுக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லை நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ரசாயன டேங்கர் லாரிகள் போகின்றன. அவற்றின் பக்கவாட்டில் ஒரு சதுரப் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1005 என்றிருந்தால் உள்ளே இருப்பது நீரற்ற அமோனியா. இந்த எண்ணை ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள், உலகம் முழுக்க ஒன்றே. லாரி கவிழ்ந்தால் முதலில் வந்து நிற்கும் தீயணைப்பு அதிகாரிக்காக எழுதப்பட்டது அது. அவர் தூரத்திலிருந்தே எண்ணைப் படித்து, எந்தக் கவசம் போடலாம், தண்ணீர் அடிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அங்கே சுருக்கம்தான் உயிரைக் காக்கிறது. ஆலை வாசல் பலகைக்கு அந்த மாதிரிப் பயிற்சி பெற்ற வாசகர் கிடையாது. ஆனால் டேங்கர் பலகையின் மொழியிலேயே அதை எழுதிவிடுகிறார்கள், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் எழுதும்போது இந்தக் கோளாறு ஒரு மடங்கு கூடுகிறது. இதை நம் பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் தமிழில் ‘டி’ ஆகிவிடுகின்றன. இரண்டாவதும் பதினாறாவதும் ‘பி’ ஆகிவிடுகின்றன. நாம் தினமும் சொல்லும் ‘ஐ.டி.’யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.டி. கம்பெனி தகவல் தொழில்நுட்பம், ஐ.டி. கார்டு அடையாள அட்டை, ஐ.டி. ரெய்டு வருமான வரி, பாய்லர் அறையில் இருக்கும் ஐ.டி. ஃபேன் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி. ஆங்கிலத்தில் இவற்றில் இரண்டு ஒரு மாதிரியும் இரண்டு வேறு மாதிரியும் எழுதப்படும். தமிழில் நான்கும் ஒன்றே. ‘எம்.டி.’ என்று எழுதினால் மெட்ரிக் டன்னா, நிர்வாக இயக்குநரா, மருத்துவரின் பட்டமா என்று எழுத்து சொல்லாது. பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும். பலகையில் சூழல் இல்லை, எண்தான் உண்டு.

மோதல் ஒரே எழுத்துகளுக்குள்ளும் நடக்கிறது. மின்னணு உதிரிபாக ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் பி.சி.பி. என்றால் உற்பத்திப் பிரிவுக்காரருக்கு மின்சுற்றுப் பலகை. சுற்றுச்சூழல் பிரிவில் இருப்பவருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் கையாள்பவருக்கு பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நச்சு. ‘பி.சி.பி. கழிவு’ என்று பலகையில் இரண்டு சொல் இருந்தால், அது உடைந்த சர்க்யூட் போர்டா, நச்சு எண்ணெயா? இரண்டின் அபாயமும் ஒன்றல்ல.

இதைவிட எனக்குக் கவலை தருவது ‘இ.சி.’ என்ற சுருக்கம். புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ விண்ணப்பிக்கும்போது தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் முதல் பக்கத்தில் இ.சி. என்பது சுற்றுச்சூழல் அனுமதி. அதே அறிக்கையின் நிலத்தடி நீர் அட்டவணையில் இ.சி. என்பது நீரின் மின்கடத்துதிறன், அதாவது உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கான ஓர் அளவு. அறிக்கையைப் படிக்கும் கிராமத்துக்காரருக்கோ பிறந்த ஊரிலிருந்து தெரிந்த இ.சி. ஒன்றுதான். பத்திரம் பதியுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டுப் பார்க்கும் வில்லங்கச் சான்று. ‘இந்தத் திட்டத்துக்கு இ.சி. கோரப்படுகிறது’ என்ற வரியை அவர் தன் நிலத்தோடு சேர்த்துப் படிப்பதில் என்ன தவறு? அவரை நாம் குறை சொல்ல முடியாது. எழுதியவர் ஒரே சுருக்கத்துக்குள் மூன்று பொருளையும் போட்டுப் பூட்டிவிட்டார்.

இப்போது ஒரு பலகையை எடுத்து வரிவரியாகப் பார்ப்போம். காக்களூரில் உலோகங்களுக்கு முலாம் பூசும் ஒரு சிறிய ஆலை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் மாதிரிக்காகப் போட்டவை. வடிவம் இந்தப் பலகைகளுக்கு வழக்கமானது.

இ.டி.பி. 10 கே.எல்.டி., எஸ்.டி.பி. 5 கே.எல்.டி. வெளிநீர்: பி.எச். 7.4, டி.எஸ்.எஸ். 60, டி.டி.எஸ். 1,900, பி.ஓ.டி. 22, சி.ஓ.டி. 180. எச்.டபிள்யூ. 35.3, ஆண்டுக்கு 12 எம்.டி., டி.எஸ்.டி.எஃப்.

முதல் இரண்டையும் தமிழில் விரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்’ என்றே எழுதுகிறார்கள். இதைவிடச் சுருக்கத்தையே விட்டிருக்கலாம். இ.டி.பி. என்பது முலாம் தொட்டியிலிருந்து வரும் ரசாயனக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது. எஸ்.டி.பி. கழிவறையிலிருந்தும் கேன்டீனிலிருந்தும் வரும் நீருக்கு. இவை வேறுவேறு அபாயங்கள், வேறுவேறு முறைகள். ஒன்று பழுதானால் வெளியே வருவது குரோமியமோ நிக்கலோ, மற்றது பழுதானால் வருவது சாக்கடை நீர். ஆகவே ‘ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் (இ.டி.பி.)’, ‘கழிவறை, கேன்டீன் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் (எஸ்.டி.பி.)’ என்று எழுத வேண்டும். சொல் கூடுகிறது, ஆனால் வேறுபாடு தப்புகிறது. கே.எல்.டி. என்பது நாளொன்றுக்குக் கிலோலிட்டர். 10 கே.எல்.டி. என்றால் தினம் பத்தாயிரம் லிட்டர், சென்னையில் ஓடும் ஒரு நடுத்தரத் தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. இதைப் பலகையிலேயே ‘தினம் 10,000 லிட்டர்’ என்று எழுதிவிட்டால் சுருக்கமே வேண்டாம். அலகுகளைப் பொறுத்தவரை என் எண்ணம் இதுதான்: விரிப்பதைவிட மாற்றி எழுதுவது மேல்.

பி.எச். வேறு வகை. அதை விரிக்கவே முடியாது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909இல் கொண்டுவந்த குறியீடு அது. அதன் முதல் எழுத்து எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்பதிலேயே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அப்படியே விரித்தாலும் ‘ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்மறை மடக்கை’ என்று வரும், விரிக்காததைவிடக் கஷ்டம். இங்கே வேண்டியது விரிவு அல்ல, அளவுகோல். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஆற்றிலோ கால்வாயிலோ விடும் நீர் 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் போதும்.

டி.டி.எஸ். இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது பாதி தெரிந்த சுருக்கம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்ட வரும் மெக்கானிக் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி ‘டி.டி.எஸ். எண்பதுதான் சார், நல்ல தண்ணி’ என்கிறார். ஆகவே ஊரில் பலருக்கு டி.டி.எஸ். தெரியும், எண் குறைந்தால் நல்லது என்பதும் தெரியும். ஆலைப் பலகையில் 1,900 என்று பார்த்தால் அவர் திடுக்கிடுவார். குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஒப்புகிறது. வெளியேற்றும் கழிவுநீருக்குத் தமிழ்நாட்டில் வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100. ஆக 1,900 சட்டப்படி சரி, குடிக்கச் சரியல்ல. ‘கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்’ என்று விரித்தால் இதில் எதுவும் விளங்காது. கழிவுநீர் வரம்பு 2,100 என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால்தான் விளங்கும். பாதி தெரிந்த சுருக்கம் முழுக்கத் தெரியாததைவிட ஆபத்தானது. தெரியாதவர் யாரையாவது கேட்பார். பாதி தெரிந்தவர் தன் வீட்டு அளவுகோலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார், தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது.

பி.ஓ.டி.யில்தான் விரிவே வாசகரை வழிதவறச் செய்கிறது. பாடப்புத்தகம் அதை ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’ என்கிறது. ஆக்சிஜன் நல்லது என்று கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். ஆக்சிஜன் தேவை 22 என்றால் அது நல்லதா கெட்டதா? பொருள் இதுதான்: கழிவுநீரில் இருக்கும் அழுகக்கூடிய பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்போது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. எண் கூடினால் அழுக்கு கூடுதல். பிரிட்டனின் சாக்கடை நீர் பற்றிய அரச ஆணையம் 1912இல் பரிந்துரைத்த முறையில் இதை ஐந்து நாள் வைத்து அளந்தார்கள். பின்னாளில் அது 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் என்று நிலைபெற்றது. நம் வெப்பத்துக்கு ஏற்றபடி இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கிறோம். ஆகவே வெளிநாட்டு எண்ணையும் நம் எண்ணையும் ஒப்பிடுபவருக்கு அந்த மூன்று நாள் என்ற குறிப்பும் விரிவின் பகுதிதான்.

நீர்நிலைக்குள் விடும் கழிவுநீருக்கு வரம்பு 30. இந்த 30இன் கனம் தெரிய இன்னோர் எண் வேண்டும். 27 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். அப்படியானால் வரம்புக்குள் இருக்கும் கழிவுநீரே ஒரு லிட்டருக்குச் சுமார் நாலு லிட்டர் நல்ல நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஓடும் ஆற்றில் அது பரவாயில்லை. வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஓடையில் கலக்க நல்ல நீர் எங்கே இருக்கிறது? ஒரு சுருக்கத்தை ஒழுங்காக விரித்தவுடன் பொதுஜனத்தின் கேள்வி எவ்வளவு கூர்மையாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சி.ஓ.டி.யையும் இதேபோல, ரசாயனத்தால் முழுக்க எரித்துப் பார்த்தால் ஆகும் ஆக்சிஜன், வரம்பு 250 என்று சொல்லிவிடலாம். டி.எஸ்.எஸ். கரையாமல் மிதக்கும் தூசு, வரம்பு 100.

பலகையின் கடைசி வரியில் ஒரு சுருக்கமும் ஒரு குறியெண்ணும் சேர்ந்து வருகின்றன. எச்.டபிள்யூ. என்பது அபாயகரக் கழிவு. 35.3 என்பது 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் ஓர் இனம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் ரசாயனச் சேறு. முலாம் ஆலையில் அந்தச் சேற்றில் உலோகங்கள் இருக்கும். எண்ணும் ஒரு சுருக்கம்தான், அதற்கும் விரிவு வேண்டும் என்பதை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். டி.எஸ்.டி.எஃப். என்பது கழிவைப் பதப்படுத்தி, சேமித்து, கடைசியில் பாதுகாப்பான குழியில் புதைக்கும் நிலையம். அப்படியொரு நிலையம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது, தமிழ்நாடு வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் நடத்துகிறது. காக்களூர்ப் பலகையில் அந்த நான்கு எழுத்து, கழிவு எங்கோ போய்விடுகிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. ‘கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்கு லாரியில் அனுப்பப்படுகிறது’ என்று எழுதினால், அது யார் ஊருக்குப் போகிறது, எந்தச் சாலை வழியாகப் போகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டிக்காரர் அந்த வரியை வேறு கண்ணோடு படிப்பார், படிக்கவும் வேண்டும்.

இத்தனை சொன்னபிறகு, விரிக்கக் கூடாத சுருக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டையும் இந்த வட்டாரத்தில் யாரும் விரித்துச் சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்க்கும் ஒடிசாத் தொழிலாளிக்கும் அவை தெரியும், ஏனென்றால் இந்தியா முழுக்க அதே எழுத்துகள்தான். அங்கே ‘தொழிலாளர் அரசுக் காப்பீடு’ என்று மட்டும் எழுதினால் அவருக்கும் புரியாது, மணவாள நகர்க்காரருக்கும் ஒரு நொடி தயக்கம். சிப்காட், சிட்கோ ஆகியவை உள்ளூர்க்காரருக்கு இடப்பெயர்களாகவே ஆகிவிட்டன. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து நேற்று வந்தவருக்கு அவை வெறும் ஒலி. ஆகவே ஒரு சுருக்கம் பிரபலமானதா என்று கேட்பது சரியான கேள்வி அல்ல. யாரிடம் பிரபலம் என்று கேட்க வேண்டும். என்னுடைய சோதனை எளிமையானது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்தவர் அதை வைத்து ஒரு காரியம் செய்ய முடிகிறதா? ஈ.எஸ்.ஐ. என்று பார்த்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பி.ஓ.டி. 22 என்று பார்த்தவர் எதுவும் செய்ய முடியாமல் நிற்கிறார்.

சுருக்கத்தையே ஒழித்துவிட்டு முழுத் தமிழில் மட்டும் எழுதலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் நான் உடன்படவில்லை. விவசாயி ஒருவர் புகார் கொடுக்க வாரிய அலுவலகத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். அங்கே ஆலை இயங்குவதற்கான இசைவாணையை சி.டி.ஓ. என்பார்கள். இணையத்தில் தேடினாலும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் அவருக்கு அந்தச் சொல் கைவசம் வேண்டும். விரிவு மட்டும் கொடுத்தால் அவருக்குப் பொருள் தெரியும், கதவு திறக்காது. சுருக்கம் மட்டும் கொடுத்தால் கதவு தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே தர வேண்டும், முழுச்சொல் முன்னால், சுருக்கம் பின்னால். இந்த வரிசை முக்கியம். சுருக்கத்தை முன்னால் வைத்தால் தெரியாதவர் முதல் எழுத்திலேயே இது தனக்கானதல்ல என்று நகர்ந்துவிடுகிறார்.

இனி முதல் முறை என்பது எது என்ற கேள்வி. புத்தகத்தில் முதல் பக்கம் முதலில் வரும். பலகையில் அப்படியில்லை. எந்த வரியில் கண் விழுகிறதோ அதுதான் முதல் வரி. எனவே பலகையில் ஒவ்வொரு வரியும் முதல் முறைதான், ஒவ்வொன்றிலும் விரிவு இருக்க வேண்டும். பெரிய அறிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் வைக்கப்பட வேண்டும், கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரும்பு உருக்காலைகளின் விரிவாக்கத்துக்கு இப்படிக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை எடுப்பவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தன் ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது என்று அட்டவணைகளைப் புரட்டுகிறார். இரண்டாம் பக்கத்தில் ஒருமுறை விரித்த பி.எம். 2.5, இருபதாம் பக்க அட்டவணையில் அவர் முன்னால் நிர்வாணமாக நிற்கிறது. முகப்பில் சுருக்கப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது என்பார்கள். கையில் அறிக்கையை வைத்துக்கொண்டு விரலால் முன்னும் பின்னும் புரட்டுவது, வேலையாக அறிக்கை படிப்பவர்களின் பழக்கம். மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆகவே ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக முதல் முறை உண்டு என்று கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லும்போது நிலைமை இன்னும் கடினம். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, ஆலையின் ஆலோசகர் திரையில் விளக்குகிறார். அடைப்புக்குறி காதுக்குக் கேட்காது. பத்து நிமிடம் தாமதமாக வந்து பந்தலின் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஒரு விரிவும் கிடைத்திருக்காது. அவர் எழுந்து கேட்கும் கேள்வி ‘புகை வருமா?’ என்பதாக இருக்கும். ‘இ.எஸ்.பி. போடுகிறோம், பி.எம். வரம்புக்குள் இருக்கும்’ என்று பதில் வரும். பதில் சரி. ஆனால் அது நிலைமின்விசையால் தூசைப் பிடிக்கும் கருவி, மின்சாரம் நின்றால் அது வேலை செய்யாது என்று சொல்லியிருந்தால் அவருடைய அடுத்த கேள்வி ‘கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?’ என்பதாக இருந்திருக்கும். மின்தடையின்போது உலையை நிறுத்துவார்களா, ஜெனரேட்டர் அந்தக் கருவியையும் ஓட்டுமா என்பது பொறியாளர்களே கேட்க வேண்டிய கேள்வி. அவரும் கேட்டிருப்பார், மூன்று எழுத்து குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால்.

அந்தக் கூட்டத்தில் மக்கள் எழுப்பிய பிரச்சினைகளும் அவற்றுக்கு விண்ணப்பதாரர் சொன்ன பதில்களும் வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் பதிவாக வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. பதிவு செய்பவர் பேச்சைச் சுருக்கி எழுதும்போது விரிவுகள் மீண்டும் எழுத்துகளாகச் சுருங்குகின்றன. அடுத்து அதைப் படிக்கப்போகிறவர் நிபுணர் குழு உறுப்பினர் மட்டுமல்ல, நாளைக்கு அதே ஊரில் இன்னோர் ஆலை வரும்போது பழைய கூட்டத்தில் என்ன உறுதி கொடுத்தார்கள் என்று தேடிப்பார்க்கும் ஊராட்சித் தலைவரும்தான். தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, அரசு தானாக வெளியிடும் தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் மக்களைச் சென்றடையும் வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கிலச் சுருக்கம் உள்ளூர் மொழியாகுமா என்று இதுவரை அந்தப் பிரிவை வைத்து யாரும் அழுத்திக் கேட்டதாக நான் அறியவில்லை. கேட்கலாம் என்றே நினைக்கிறேன்.

பலகையில் இடம் போதாது என்பதுதான் ஆலைக்காரர்கள் எப்போதும் சொல்லும் தடை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்து சிறுத்தால் சாலையிலிருந்து படிக்க முடியாது, விரித்த பயன் போய்விடும். ஆனால் இந்தப் பலகைகள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்த்தால் வழி தெரிகிறது. தலைப்புகளைப் பெயின்டரை வைத்து ஒருமுறை எழுதுகிறார்கள். எண்களை அவ்வப்போது மார்க்கராலோ சுண்ணாம்புக் கட்டியாலோ மாற்றுகிறார்கள். விரிவும் வரம்பும் தலைப்பின் பகுதி. ‘கழிவுநீரில் அழுகும் அழுக்கு (பி.ஓ.டி., 3 நாள்): லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இன்று:’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு நிரப்ப வேண்டியது ஓர் எண் மட்டுமே. ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று இரண்டு பலகைகளாகப் பிரித்தால் எழுத்தும் பெரிதாக இருக்கும். ஆங்கிலப் பலகையில் சுருக்கங்கள் அப்படியே இருக்கட்டும், ஆய்வாளருக்கு அதுவே வசதி. தமிழ்ப் பலகையில் அழுகும் அழுக்கு, கரைந்த உப்பு, மிதக்கும் தூசு, ரசாயனச் சேறு போகும் இடம் என நாலைந்து வரிகள் போதும். மீதி எல்லாவற்றையும் ஆலை அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம் என்று அடியில் எழுதி, யாரிடம், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துவிடலாம். இந்த மாற்றத்துக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இசைவாணையைப் புதுப்பிக்கும்போது வாரியத்தின் மாவட்ட அலுவலகம் பலகையின் புகைப்படத்தையும் கேட்டுப் பார்த்து, தமிழில் விரிவும் வரம்பும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பினால் போதும்.